இன்குபேட்டர் கதவில் தெரியும் எண்

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வுக்கூடத்தில் நோயாளியின் சிறுநீரையோ சளியையோ எடுத்து, அதில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்க, சத்துள்ள அகார் என்ற கூழ் உறைந்த தட்டில் கோடு கோடாக இழுத்து இன்குபேட்டரில் வைப்போம். மறுநாள் காலையில் அந்தத் தட்டில் புள்ளி புள்ளியாகக் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், முளைத்திருக்கும். இன்குபேட்டர் என்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டி. அதன் கதவில் ஒரு எண் ஒளிரும், பெரும்பாலும் 35 அல்லது 37. பல வருடங்களாக நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருப்பது அந்த எண்ணைப் பற்றித்தான். அது ஏன் அந்த எண், அது சொல்வது உண்மைதானா, இந்த இரண்டையும் இன்று பேசுகிறேன்.

காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை நாக்குக்கடியில் வைப்போம். சாதாரணமாக அது 37 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டும். நான் சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ். மனித உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சூட்டுக்கு ஏற்றபடி தங்களை அமைத்துக்கொண்டவை. அவற்றின் சவ்வு அந்தச் சூட்டில்தான் சரியான இளக்கத்தில் இருக்கும், நொதிகளும் அதில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். குடலில் வாழும் ஈ.கோலை 37 டிகிரியில், நல்ல ஊட்டம் கிடைத்தால், சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். சூடு குறைந்தால் பிரிவது மெதுவாகும், ஆனால் நிற்காது. குளிர்சாதனப் பெட்டிச் சூட்டுக்கு அருகில் போனால்தான் நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, சூட்டுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. குளிர்ப் பக்கம் இறங்குவது சாய்தளத்தில் இறங்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக. சூட்டுப் பக்கம் அப்படியில்லை. 37-ஐத் தாண்டி ஒரு சில டிகிரி போனாலே புரதங்கள் தங்கள் மடிப்பை இழக்கத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் போனால் வளர்ச்சி அப்படியே விழுந்துவிடும். குன்றின் விளிம்பில் நிற்பதும் சாய்தளத்தில் நிற்பதும் ஒன்றல்ல, இல்லையா? இரண்டு டிகிரி குறைந்தால் சற்றுத் தாமதம். இரண்டு மூன்று டிகிரி கூடினால் சில கிருமிகள் வளராமலேயே போகலாம். இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். 1878-இல் லூயி பாஸ்டர், ஆந்த்ராக்ஸ் நோய் மாட்டையும் ஆட்டையும் கொல்கிறதே, கோழியை ஏன் தொடுவதில்லை என்று கேட்டார். கோழியின் உடல் சூடு நம்முடையதைவிட அதிகம், 41, 42 டிகிரிக்குப் பக்கம். அந்தச் சூடுதான் காப்பாற்றுகிறதோ என்று அவருக்குத் தோன்றியது. சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு கோழிக்கு ஆந்த்ராக்ஸ் கிருமியைச் செலுத்தி, கால்கள் குளிர்ந்த நீரில் முங்கும்படி நிறுத்தினார். உடல் சூடு 37, 38-க்கு இறங்கியது. கோழி செத்தது, இரத்தம் நிறைய ஆந்த்ராக்ஸ் கிருமி. கிருமி செலுத்தாமல் குளிர்வித்த கோழி பிழைத்தது. கிருமி செலுத்திக் குளிர்விக்காத கோழியும் பிழைத்தது. அதோடு விட்டாரா? இன்னொரு கோழிக்குக் கிருமி செலுத்தி, குளிர்வித்து, நோய் முற்றத் தொடங்கியதும் நீரிலிருந்து எடுத்துச் சூடாகப் பொதிந்து வைத்தார். அது தேறிவிட்டது. கோழிகளை அப்படியே பாரிஸ் மருத்துவ அகாதமியின் சபைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் சூடு மட்டும் இந்த வித்தியாசத்தைச் செய்யவில்லை. குளிரில் விறைத்துப்போன கோழியின் எதிர்ப்பு சக்தியும் தளர்ந்திருக்கும். ஏனென்றால் ஆந்த்ராக்ஸ் கிருமி, ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் ஊட்ட நீரில், 42, 43 டிகிரியிலும் வளரத்தான் செய்யும். அந்தச் சூட்டில் பல நாள் வளர்த்தால் அது வித்து என்ற கெட்டியான உறங்கும் வடிவத்தை உருவாக்காது, அதன் வீரியமும் குறையும் என்று பாஸ்டரே பின்னர் கண்டுபிடித்தார். அதாவது சில டிகிரி கூடினால், கிருமி சாகாமலேயே குணம் மாறும். உயிரோடு இருக்கிறது, வளர்கிறது, ஆனால் அதே கிருமி போல நடந்துகொள்ளவில்லை. இந்தக் கடைசி வரிக்காகத்தான் கதையைச் சொன்னேன், ஏனென்றால் இதே தொல்லையை என் இன்குபேட்டரிலும் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உடல் சூடு 37 என்றால், பல மருத்துவ ஆய்வுக்கூடங்களில் இன்குபேட்டரை ஏன் 35-இல் வைக்கிறார்கள்? அந்தக் குன்றின் விளிம்பை நினைத்துப் பாருங்கள். இன்குபேட்டர் ஒரே சூட்டில் நிற்காது. சூடேற்றி எரியும், அணையும், மறுபடி எரியும். கதவைத் திறந்து மூடினால் இழந்த சூட்டைப் பிடிக்கப் போய்க் கொஞ்சம் தாண்டிவிடும். 37-இல் வைத்தால் ஏதோ ஒரு மூலையில் 39 ஆகலாம். 35-இல் வைத்தால் கொஞ்சம் தாண்டினாலும் 37-தான். சற்றுத் தாமதம் ஏற்றுக்கொள்ளக் கூடியது, விளிம்பிலிருந்து விழுவது ஏற்றுக்கொள்ள முடியாதது. அதனால் 35.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஒரு கிருமி, புண்களில் சீழ் பிடிக்க வைப்பது. அதில் மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத வகையை எம்ஆர்எஸ்ஏ என்பார்கள். எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்க்க, கிருமி பூசிய தட்டில் மருந்து ஊறிய சிறு காகித வட்டை வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றி வளர்ச்சியில்லாத தெளிவான வளையம் தெரியும். எம்ஆர்எஸ்ஏ-வின் எதிர்ப்பு ஒரு வினோதமான எதிர்ப்பு. எல்லா செல்லும் ஒரே அளவில் அதைக் காட்டாது, சூடு கூடினால் இன்னும் குறைவாகவே காட்டும். அதனால்தான் அமெரிக்கத் தரநிலை பொதுவாக 35-க்கு இரண்டு டிகிரி கூடக்குறைய அனுமதித்தாலும், இந்தச் சோதனையை 35-க்கு மேல் போகாமல் செய்யச் சொல்கிறது. ஐரோப்பியத் தரநிலை 35-க்கு ஒரு டிகிரி மட்டுமே கூடக்குறைய அனுமதிக்கிறது.

நாங்கள் ஒரு கட்டுப்பாட்டுக் கிருமி வைத்திருந்தோம். அது எம்ஆர்எஸ்ஏ என்று நன்றாகத் தெரிந்த ஒன்று, வாராவாரம் சோதனை சரியாகிறதா என்று பார்க்க. ஒரு வாரம் அது மருந்துக்கு அடங்குவதாகக் காட்டியது. வட்டைச் சுற்றி இருக்கக்கூடாத வளையம், கண்ணுக்குத் தெளிவாக. அடுத்த வாரம் சரியாக வந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி தப்பு. வட்டை மாற்றினோம், அகாரை மாற்றினோம், கிருமியைப் புதிதாக எடுத்தோம். கதவில் எப்போது பார்த்தாலும் 35.0. பதிவேட்டிலும் நாள்தோறும் 35.0 என்று எழுதியிருந்தது. உடன் வேலை பார்த்த பெண்ணுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. தப்பு வந்த நாட்களில் தட்டு மேல் அடுக்கில் இருந்தது என்றார். அன்றிலிருந்து தட்டின் அடியில் அடுக்கு எண்ணையும் எழுதத் தொடங்கினோம். அவர் சொன்னதே சரி.

கதவில் தெரியும் எண், பெட்டிக்குள் ஓரிடத்தில் இருக்கும் ஒரு சென்சார் சொல்வது. அது தட்டின் சூடு அல்ல. மறுபடியும் சொல்கிறேன், அது தட்டின் சூடு அல்ல, சென்சார் இருக்கும் இடத்துக் காற்றின் சூடு.

எனவே எங்கள் பெட்டியை அளந்தோம். தானாகப் பதிவு செய்யும் ஒன்பது சிறு லாகர்கள், எட்டு மூலைக்கு எட்டு, நடுவில் ஒன்று. எல்லாவற்றையும் முதலில் சான்றிதழ் பெற்ற ஒரு தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டோம். பிறகு வழக்கம்போல் தட்டுகளை நிரப்பி, ஒரு முழு நாள் ஓட விட்டோம். காலிப் பெட்டியை அளந்தால் அழகான எண்கள் வரும், ஆனால் நாம் காலிப் பெட்டியில் வேலை செய்வதில்லையே. மேல் அடுக்கின் பின்மூலை 36.9. கீழ் அடுக்கில் கதவோரம் 34.4. நடுவில் 35.3. கதவில், நாள் முழுக்க, அதே 35.0.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஒரு டிகிரி குறைத்து வைத்துவிடலாம் என்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அனுமதி 34 முதல் 36 வரை. ஒன்று குறைத்தால் மேல் மூலை 35.9, சரி. ஆனால் கீழ் மூலை 33.4, வெளியே போய்விட்டது. மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் இரண்டரை டிகிரி, அனுமதிக்கப்பட்ட அகலமோ இரண்டு டிகிரி. எந்த எண்ணில் வைத்தாலும் ஒரு மூலை வெளியே நிற்கும். திருகைத் திருப்பினால் எல்லா மூலையும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். இடைவெளி மாறவே மாறாது.

இடைவெளி எங்கிருந்து வந்தது? பின்சுவரில் காற்றைச் சுற்ற விடும் விசிறியின் வாய்க்கு எதிரே, தட்டுகளை உயர உயர அடுக்கிச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தோம். சூடான காற்று மேலேயே தங்கிவிட்டது. அடுக்குகளை ஐந்து தட்டுக்கு மேல் போகாமல் பிரித்து, சுவரிலிருந்து நகர்த்தி வைத்தோம். மறுபடி ஒரு நாள் அளந்தோம். மேலே 35.6, கீழே 34.5. கட்டுப்பாட்டுக் கிருமி அதன் பிறகு ஒழுங்காக நடந்துகொண்டது. இருந்தாலும் எம்ஆர்எஸ்ஏ தட்டை இன்றும் மேல் அடுக்கில் நான் வைப்பதில்லை.

உயரமாக அடுக்குவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தட்டுகளை பத்துப் பன்னிரண்டாக அடுக்கி அப்படியே உள்ளே வைத்தால், நடுத் தட்டு சூடாக மணிக்கணக்கில் ஆகும். 18 மணி நேர வளர்ச்சி என்று நாம் எழுதுவோம், நடுத் தட்டுக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு.

தினசரிப் பார்ப்பதற்கு வழி எளிது. ஒரு சிறு சீசாவில் கிளிசரின் ஊற்றி, தெர்மாமீட்டரின் முனை அதில் மூழ்கும்படி வைத்து, உள்ளே விட்டுவிடுங்கள். கதவைத் திறந்தவுடன் காற்றின் சூடு சட்டென்று விழும், கிளிசரினின் சூடு விழாது. தட்டில் இருக்கும் அகாரும் கிட்டத்தட்ட அப்படித்தான் மெதுவாக மாறும். அதனால் சீசா சொல்வதுதான் தட்டின் நிலைமைக்கு அருகில் இருக்கும். காலையில், முதல் ஆள் கதவைத் திறப்பதற்கு முன், கண்ணாடிக் கதவு வழியாகவே பார்த்துக் குறிக்க வேண்டும்.

நேரம் நெருங்குகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கோழிக்குடலில் வாழும் கேம்பிலோபாக்டரை ஏன் 42-இல் வளர்க்கிறோம், குடிநீரில் மலக் கிருமி தேடும்போது ஏன் 44.5-இல், அதுவும் 0.2 டிகிரிக்குமேல் பிசகாமல், காற்றுப் பெட்டிக்குப் பதில் நீர்த்தொட்டியில் வைக்கிறோம் என்றெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்தத் தெர்மாமீட்டரையே எப்படிச் சோதிப்பது என்பது. அதன் அளவுகோல் பூஜ்யம் வரை இருந்தால், சுத்தமான நீரில் உறைந்த ஐஸைப் பொடித்து, காய்ச்சி வடித்த நீர் கொஞ்சம் விட்டு, கூழ் போலக் கலக்குங்கள். முனையை அதன் நடுவில் வைத்துச் சில நிமிடம் விடுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். அரை டிகிரி காட்டினால் அந்தத் தெர்மாமீட்டரை ஒதுக்கி வையுங்கள், அன்றைய பதிவேட்டிலும் அதைக் குறித்துவிடுங்கள். வணக்கம்.