மைனஸ் 2 வினாடியில் பந்து எங்கே இருந்தது?

[திரையில்: சிவப்பு எழுத்தில் t = –2]

இந்தக் கணக்கைப் போட்டால் இரண்டு விடை வரும். ஒன்று 4 வினாடி, இன்னொன்று மைனஸ் 2 வினாடி. அதாவது, எறிவதற்கு 2 வினாடி முன்னாலேயே பந்து தரையில் இருந்ததாம்! வகுப்பில் "அதை அடிச்சிட்டு மேலே போ" என்று சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு நாம் அடிக்கப் போவதில்லை.

வணக்கம் மக்களே. தெப்பக்குளம் பக்கமிருந்து பிளஸ் ஒன் படிக்கும் தங்கச்சி ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ இது.

[திரையில்: போட்டோ]

ட்யூப்லைட் வெளிச்சம் பக்கத்தின் நடுவில் பளீரென்று அடிக்கிறது, கீழ் ஓரத்தில் கட்டைவிரல். சரி, தெரிவதைப் படிப்போம். 40 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்து சாய்வாக மேல்நோக்கி எறியப்படுகிறது. அது எப்போது தரைக்கு வரும் என்பதுதான் கேள்வி. கோணம் 300 என்று இருக்கிறது! பதற வேண்டாம், டிகிரிக்கான குட்டி வட்டம்தான் மங்கிப்போய் பூஜ்யமாகத் தெரிகிறது. 30 டிகிரிதான். பக்கத்திலிருக்கும் படத்தில் கோணத்தின் வளைவு புள்ளிக்கோட்டிலிருந்து கிளம்புகிறதா, சுவரிலிருந்தா என்று பாருங்கள். புள்ளிக்கோட்டிலிருந்துதான். அதனால் இது கிடைத்தளத்தோடு உள்ள கோணம். சுவரிலிருந்து கிளம்பியிருந்தால் sin, cos இரண்டும் இடம் மாறியிருக்கும்.

g-யின் மதிப்பு கட்டைவிரலுக்கு அடியில் போய்விட்டது. இப்போதைக்கு 10 என்று வைப்போம்.

வேகத்தைப் பிரிக்கலாம். செங்குத்துக் கூறு 20 sin 30, அதாவது 10. கிடைத்தளக் கூறு 20 cos 30, ஏறக்குறைய 17.3. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்கவில்லை. பந்து எப்போது தரைக்கு வரும் என்பதில் 17.3-க்கு எந்த வேலையும் இல்லை, அதை ஓரமாக உட்கார வைத்துவிடுவோம்.

தங்கச்சி நேராக 2u sin θ / g போட்டு 2 வினாடி என்று எழுதியிருக்கிறார். அந்தச் சூத்திரம், எறிந்த மட்டத்துக்கே பந்து திரும்பி வரும்போதுதான் செல்லும். 2 வினாடியில் பந்து மறுபடி மொட்டை மாடி உயரத்துக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். அதற்குக் கீழே இன்னும் 40 மீட்டர் பாக்கி!

மேல்நோக்கிய திசையை பிளஸ் என்று வைத்தால், தரை மைனஸ் 40-இல் இருக்கிறது.

```
-40 = 10t - 5t²
t² - 2t - 8 = 0
(t - 4)(t + 2) = 0
```

மைனஸை மறந்து 40 என்று போட்டால் t² – 2t + 8 = 0 வரும். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் 28, மெய்யான விடையே கிடையாது. அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது. மாடிக்கு மேல் இன்னும் 40 மீட்டர் ஏறு என்று பந்தைக் கேட்கிறோம், அது ஏறுவதோ வெறும் 5 மீட்டர். "வரமாட்டேன் போ" என்கிறது சமன்பாடு. விடை இவ்வளவு சுத்தமாக வந்ததால், விரலுக்கு அடியில் g = 10 தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 9.8 போட்டால் 4.05 வரும்.

இப்போது நம்ம மைனஸ் 2-க்கு வருவோம். சமன்பாட்டுக்கு மாடியும் தெரியாது, கையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பரவளையம்தான். அந்தக் கோட்டைப் பின்பக்கமாக நீட்டினால் கட்டடத்துக்கு அந்தப் பக்கம் தரையைத் தொடும்.

[திரையில்: முழுப் பரவளையம், இடப்பக்கம் புள்ளிக்கோடாக]

அந்த இடத்திலிருந்து ஒருவர் செங்குத்தாக 30, கிடைத்தளமாக 17.3 என்ற கூறுகளோடு பந்தை எறிகிறார் என்று வையுங்கள். 2 வினாடி கழித்துச் செங்குத்துக் கூறு 30-இலிருந்து 20 குறைந்து 10 ஆகிவிடும். உயரம் 30 × 2 – 5 × 4, சரியாக 40 மீட்டர்! நம்ம ஆள் மாடியில் எறிந்த பந்தும் இந்தப் பந்தும் அந்த நொடியிலிருந்து ஒன்றேதான். யார் எறிந்தது என்று பந்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதை வைத்தே விடையைச் சரிபார்க்கலாம். மைனஸ் 2-க்கும் 4-க்கும் நடுப்புள்ளி 1. அந்த 1 வினாடியில்தான் பந்து உச்சியில் இருக்கிறது. 10-ஐ g-யால் வகுத்தாலும் அதே 1. உச்சி, தரையிலிருந்து 45 மீட்டர். மீனாட்சி அம்மன் கோவில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர், ஆக இந்தப் பந்து அதன் கலசத்தைக்கூட எட்டாது.

ஓரமாக உட்கார்ந்திருந்த 17.3-ஐ இப்போது கூப்பிடுங்கள். நாலால் பெருக்கினால் 69 மீட்டர் சொச்சம், கட்டடத்திலிருந்து அவ்வளவு தள்ளி விழும்.

அப்புறம், அதே மாடியிலிருந்து அதே வேகத்தில், ஆனால் 30 டிகிரி கீழ்நோக்கி எறிந்தால்? இரண்டு விடையையும் கமெண்டில் போடுங்கள், மைனஸையும் சேர்த்து. இப்போது வந்த 4, மைனஸ் 2 பக்கத்தில் அவற்றை எழுதிப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.