டெல்லி பக்கம் வேலைன்னு ரெக்ரூட்டர் மெசேஜ் போட்டா என்ன பதில் எழுதுறது?

வணக்கம் மக்களே. பாபநாசத்துல இருந்து பேசுறேன். பின்னாடி டிராக்டர் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, சம்பாவுக்கு உழவு ஓடிக்கிட்டு இருக்கு.

புதுசா பாக்குறவங்களுக்காக ஒரு வரி. நான் இங்க ஒரு மாடர்ன் ரைஸ் மில்லுல குவாலிட்டி பாக்குறேன். நெல்லு வண்டி வந்தா ஈரப்பதம் பாக்குறது, அரிசியில நொய் எவ்வளவு, பழுப்பு எவ்வளவுன்னு எண்ணி ரிப்போர்ட் போடுறது, இதான் வேலை. போன வாரம் லிங்க்ட்இன்ல ஒரு ரெக்ரூட்டர் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. பாஸ்மதி ஏற்றுமதி பண்ற கம்பெனி, குவாலிட்டி எக்சிக்யூட்டிவ் வேலை, லொகேஷன் டெல்லி என்.சி.ஆர்., அதாவது டெல்லியும் அதைச் சுத்தி இருக்குற ஊர்களும், சம்பளம் வருஷத்துக்கு 6 லட்சம் வரைக்கும். விருப்பம் இருந்தா ரெஸ்யூம், இப்ப வாங்குற சி.டி.சி., அதாவது கம்பெனி நமக்காக வருஷத்துக்குப் பண்ற மொத்தச் செலவு, எதிர்பார்க்குற சி.டி.சி., நோட்டீஸ் பீரியட் எல்லாம் அனுப்புங்கன்னு இருந்துச்சு.

நம்ம பசங்க இதுக்கு ரெண்டுல ஒண்ணு பண்ணுவாங்க. "டெல்லியா, சரிப்படாது"ன்னு பதிலே போடாம விட்டுருவாங்க. இல்லன்னா கேட்டது அத்தனையும் அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டு, ரெண்டு ரவுண்டு இன்டர்வியூ முடிஞ்சப்புறம் வீட்டுல பேசி, "இல்ல மேடம், அவ்வளவு தூரம் வர முடியாது"ன்னு சொல்லுவாங்க. ரெண்டாவதுதான் ரெக்ரூட்டருக்கு ரொம்பக் கஷ்டம். ஏன்னு சொல்றேன், அது தெரிஞ்சாதான் பதில் எப்படி எழுதணும்னு புரியும்.

கன்சல்டன்சி ரெக்ரூட்டருக்குக் காசு கொடுக்குறது கம்பெனிதான், நாம இல்ல. வேலைக்குச் சேரப்போறவன்கிட்ட காசு கேட்டாலே அது மோசடி, அங்கேயே பேச்சை முடிச்சுக்கணும். பொதுவா நம்ம வருஷ சம்பளத்துல இவ்வளவு சதவீதம்னு கமிஷன் பேசியிருப்பாங்க, 8.33 சதவீதம்ங்கிறது அடிக்கடி கேள்விப்படுற கணக்கு, அதாவது ஒரு மாச சம்பளம். ஆனா சேர்ந்தவன் ரெண்டு மூணு மாசத்துல ஓடிட்டா, வேற ஆளை இலவசமாப் பிடிச்சுத் தரணும்னு ஒப்பந்தம் இருக்கும். அப்ப கும்பகோணத்துக்காரனை வடக்க கொண்டுபோய் சேர்க்குற ரெக்ரூட்டருக்கு என்ன பயம் இருக்கும்? இவன் நிப்பானா, திரும்பி வந்துருவானா? அதனால நாம ஆரம்பத்துலயே தூரத்தைப் பத்திக் கேட்டா அவங்க கோச்சுக்க மாட்டாங்க. யோசிச்சுப் பேசுற ஆளுன்னுதான் எடுத்துக்குவாங்க. கேட்டா வாய்ப்புப் போயிரும்னு நினைச்சு நிறைய பேர் வாயை மூடிக்கிறோம். அது தேவையே இல்ல.

நான் இங்கிலீஷ்லதான் பதில் போட்டேன். என்ன எழுதினேன்னு தமிழ்ல சொல்றேன்.

"வணக்கம் மேடம். தகவலுக்கு நன்றி. நான் இப்ப புழுங்கல் அரிசி மில்லுல குவாலிட்டி பாக்குறேன், பாஸ்மதியில அனுபவம் இல்ல, கத்துக்க ரொம்ப ஆர்வம் இருக்கு. நான் இருக்குறது தஞ்சாவூர் மாவட்டம். குடும்பம் இங்கதான் இருக்கும், நான் மட்டும்தான் வருவேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி நாலு விஷயம் தெரியணும். ஒண்ணு, தினமும் வேலைக்கு வரவேண்டிய பிளான்ட் எந்த ஊர்ல இருக்கு? ரெண்டு, 6 லட்சத்துல நிரந்தரம் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, கம்பெனியோட நேரடி பேரோலா? மூணு, வாரத்துல எத்தனை நாள் வேலை, சீசன்ல லீவு எப்படி? நாலு, ஊர் மாறி வர்றதுக்குக் கம்பெனி என்ன உதவி பண்ணும்? இதுக்குப் பதில் கிடைச்சதும் ரெஸ்யூமும் சம்பள விவரமும் அனுப்புறேன்."

அவ்வளவுதான். ஆர்வம் இருக்குன்னு சொல்லியாச்சு, ஆனா வர்றேன்னு சொல்லல. பாஸ்மதி தெரியாதுன்னு முன்னாடியே சொன்னதுக்குக் காரணம் இருக்கு. ஏற்றுமதி அரிசியில பூச்சிமருந்து எச்சம்தான் பெரிய தலைவலி. டிரைசைக்ளசோல்னு குலைநோய்க்கு அடிக்கிற மருந்துக்கு ஐரோப்பா 2018ல இருந்து கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதிக்குது. அதுக்கு முன்னாடி 1 மில்லிகிராம் வரைக்கும் விட்டாங்க, நூறு மடங்கு இறுக்கிட்டாங்க. நம்ம புழுங்கல் மில்லுல அந்த டெஸ்டுக்கு வேலையே வராது. அது தெரிஞ்ச ஆள்தான் வேணும்னா, அவங்க முதல்லயே சொல்லிரட்டும்.

மறுநாள் அவங்களே போன் பண்ணாங்க. நல்லாப் பேசினாங்க. எச்ச டெஸ்ட் எல்லாம் வெளி லேபுக்குத்தான் போகுது, சாம்பிள் எடுக்கத் தெரிஞ்சா போதும்னாங்க. சரின்னு முதல் கேள்விக்கு வந்தோம். பிளான்ட் எங்க மேடம்? கர்னால்!

இங்கதான் கவனிக்கணும். கர்னால் ஹரியானாவுல இருக்கு, டெல்லியில இருந்து சுமார் 125 கிலோமீட்டர். ஆனா என்.சி.ஆர்.னு சொல்ற எல்லைக்குள்ளதான் வருது, அதனால அவங்க பொய் சொல்லல. பாஸ்மதி மில்லு நிறைய இருக்குற ஊரும் அதுதான். ஆனா நான் மனசுல நினைச்சது டெல்லி மெட்ரோவும் அங்க இருக்குற தமிழ்க்காரங்களும். கர்னாலுக்குப் போனா கதையே வேற. பம்பாய் பக்கம், பெங்களூர் பக்கம்னு போட்டிருந்தாலும் இதே கேள்விதான், பிளான்ட்டோட பின்கோடு என்னன்னு கேளுங்க.

வழியையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். கும்பகோணத்துல உழவன் ஏறினா விடியக்காலை சென்னை. அங்க இருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடிச்சா டெல்லிக்கு கிட்டத்தட்ட 33 மணி நேரம். இல்லன்னா திருச்சி போய், வாரத்துல ரெண்டு நாள் ஓடுற திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல நிஜாமுதீன். எப்படிப் போனாலும் குறைஞ்சது ரெண்டு ராத்திரி போயிரும், அதுக்கப்புறம்தான் கர்னால். அப்பாவுக்கு ஒரு அவசரம்னா அன்னிக்கே வந்து நிக்க முடியாது. இதை நான் மறைக்காம வீட்டுல சொன்னேன்.

அடுத்து சம்பளம். இதைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. 6 லட்சம்னா மாசம் 50,000ன்னு தோணும். அவங்க சொன்ன பிரிவினை இது. வேரியபிள் 10 சதவீதம், 60,000. அது வருஷக் கடைசியில வரும், மார்ச்சுக்கு முன்னாடி விலகினா வராது. அதனால அதைக் கணக்குல இருந்து எடுத்துட்டேன். மீதி 5,40,000. அதுலயும் கம்பெனி கட்டுற பி.எப். 21,600, கிராஜுவிட்டின்னு 14,430 ரெண்டையும் உள்ள சேர்த்துத்தான் சி.டி.சி. சொல்லியிருக்காங்க. கிராஜுவிட்டி மாசாமாசம் வர்ற காசு இல்ல. இதெல்லாம் போக, நம்ம பங்கு பி.எப். இன்னொரு 21,600 பிடிச்சா, கைக்கு வர்றது வருஷத்துக்கு 4,82,370. மாசம் 40,000 சொச்சம். புது வரி முறையில இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது, அது ஒரு நிம்மதி.

இப்ப எனக்கு இங்க கைக்கு 27,000 வருது. வீட்டுக்கு 8,000, பஸ்ஸு டீ எல்லாம் 2,000. மீதி 17,000. கர்னால்ல வாடகை 9,000, சாப்பாடு 6,000, ஊருக்கு வர்ற டிக்கெட்டுக்குன்னு மாசம் 2,000 எடுத்து வச்சா 17,000 போயிரும். மீதி 23,000, அதுல வீட்டுக்கு அதே 8,000 அனுப்பினா 15,000. அதாவது இப்ப மிச்சம் பிடிக்கிறதை விட 2,000 கம்மி! மெசேஜ்ல 50,000 மாதிரி தெரிஞ்ச சம்பளம் இங்க வந்து நிக்குது. அதனால காசுக்காக இந்த வேலை இல்லன்னு எனக்குத் தெளிவாயிருச்சு. போனா ஏற்றுமதி அரிசி கத்துக்கத்தான் போகணும்.

நேரடி பேரோல்தான்னு உறுதியாச் சொன்னாங்க. மூணாவது பேரோல்ல, அதாவது வேற ஏஜென்சி பேர்ல ஆள் எடுத்தா, அவ்வளவு தூரம் போறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அங்க ஒரு சிக்கல்னா யார்கிட்ட போய்க் கேக்குறது?

லீவுதான் எனக்கு ரொம்ப முக்கியமா இருந்துச்சு. அங்க நெல்லு வரத்து அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் உச்சம். அந்த மூணு மாசம் குவாலிட்டி ஆளுக்கு லீவு கிடையாது, ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அப்ப தீபாவளிக்கு ஊருக்கு வர முடியாது. ஆனா நம்ம சம்பா அறுப்பு தை, மாசியில. அந்தச் சமயத்துல அங்க வேலை தணிஞ்சிருக்கும். அப்பாவுக்கு அறுப்பு மிஷின் பிடிக்க, கொள்முதல் நிலையத்துல நெல்லைக் காயவச்சு 17 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்து போட, பக்கத்துல ஒரு ஆள் வேணும். பொங்கல்ல இருந்து பத்து நாள் சேர்த்து லீவு தருவாங்களான்னு கேட்டேன். மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.

நாலாவதுக்கு, ஒரு தடவை ரயில் டிக்கெட், பதினஞ்சு நாள் கெஸ்ட் ஹவுஸ். முதல் ரெண்டு இன்டர்வியூ வீடியோவுல, கடைசி ரவுண்டு பிளான்ட்லயே. அந்தப் பயணத்துக்கு யார் செலவுன்னு கேட்டதுக்கு, டிக்கெட் காசைத் திருப்பித் தருவோம்னாங்க. அதை மெயில்ல போடச் சொன்னேன், போட்டுட்டாங்க. கம்பெனி மெயில் ஐடியில இருந்தே வந்துச்சு, அதையும் பாத்துக்கிட்டேன். போன்ல சொல்ற எதையும் மெயில்ல வாங்கிருங்க. ரெக்ரூட்டர் நாளைக்கு வேற கம்பெனிக்குப் போயிட்டா, "அவங்க அப்படிச் சொன்னாங்க"ன்னு நாம யார்கிட்டயும் நிக்க முடியாது.

மொழி பத்திச் சொல்லணும். ஷிப்ட்ல முழுக்க ஹிந்திதான். நம்ம மில்லுல மூட்டை தூக்குற பீகார் தம்பிங்களோட பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் வரும், ஆனா ஒரு லாட்டை ரிஜெக்ட் பண்ணிட்டுக் காரணம் சொல்ற அளவுக்கு வராது. இதையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

நேத்து ராத்திரி வீட்டுல பேசிட்டு இப்படி மெயில் போட்டேன். "முதல் ரவுண்டுக்கு வர்றேன். சி.டி.சி. 7 லட்சத்துக்குக் கீழ இருந்தா இவ்வளவு தூரம் மாறி வர்றது எனக்குக் கட்டுப்படியாகாது, அதுல வேரியபிள் 5 சதவீதத்துக்கு மேல வேணாம். ஜனவரி லீவு பத்தி மேனேஜர் சொல்றதைப் பொறுத்துத்தான் பிளான்ட்டுக்கு நேர்ல வர்றது." கூடவே ரெஸ்யூமும் இப்ப வாங்குற சம்பளமும். ஏன் 7 லட்சம்னு கேக்குறீங்களா? வேரியபிள் 5 சதவீதம்னா 35,000, அதையும் மத்த பிடித்தத்தையும் கழிச்சா கைக்கு மாசம் 50,000 கிட்ட வருது. அதுல வாடகையும் சாப்பாடும் டிக்கெட்டும் வீட்டுக்கு அனுப்புறதும் போக, இங்க மிச்சமாகுறதை விட ஏழெட்டாயிரம் கூட நிக்கும். அதுக்குக் கீழன்னா இங்கயே இருந்து வேற மில்லு பாக்கலாம்.

அவங்க பதில்ல, பட்ஜெட் 6.8 வரைக்கும்தான் நீட்ட முடியும், பேசிப் பாக்கலாம்னு இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோ இன்டர்வியூ. அதுல குவாலிட்டி மேனேஜர்கிட்ட நான் கேக்கப்போறது ஒண்ணுதான்: இந்த வேலையில முன்னாடி இருந்தவர் ஏன் போனார், எவ்வளவு நாள் இருந்தார்?