இரண்டு ஹர்மன்பிரீத்துகள்: சிங், கௌர் பெயருடையவர்களை எப்படி அழைப்பது?

[திரையில்: இரண்டு கேப்டன்களின் படங்கள் அருகருகே]

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங். 2025இல் மகளிர் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் கௌர். அண்ணன் தங்கையா? உறவே கிடையாது. பெயர் ஒன்றேதான், பின்னால் வரும் சொல்தான் அவர் ஆண், இவர் பெண் என்று காட்டுகிறது.

அதே ஹாக்கி அணியில் மன்பிரீத், மந்தீப், சுக்ஜீத், ஹர்திக், குர்ஜந்த் என்று இன்னும் பலர் இருந்தார்கள். அத்தனை பேரும் சிங். மைதான ஓரத்தில் நின்று "சிங்!" என்று கூவினால் பாதி அணி திரும்பிப் பார்க்கும்.

சீக்கியக் குடும்பத்தில் குழந்தை பிறந்தால் குருத்வாராவில் தங்கள் புனித நூலான குரு கிரந்த் சாஹிப்பை எங்காவது ஒரு பக்கத்தில் திறப்பார்கள். அங்கே வரும் பாடலின் முதல் எழுத்தில் தொடங்குமாறு பெயர் தேர்வாகும். குர்பிரீத், மன்ஜீத், ஜஸ்விந்தர் போன்ற பெயர்களை மகனுக்கும் வைக்கலாம், மகளுக்கும் வைக்கலாம். மகன் என்றால் சிங் சேரும். மகள் என்றால் கௌர். ஆகவே ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் சிங், அம்மாவும் மகளும் கௌர். அடுத்த வீட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான்.

[திரையில்: ஆனந்த்பூர் சாஹிப்]

இந்த வழக்கத்தின் வேர் 1699ஆம் ஆண்டு வைசாகி நாளில் இருக்கிறது. அன்று பஞ்சாபின் ஆனந்த்பூரில், சீக்கியர்களின் பத்தாவது குருவான கோவிந்தர், தீட்சை பெற்ற சீக்கியர்களின் அமைப்பான கால்சாவைத் தொடங்கினார். முதலில் தீட்சையாக அமிர்தம் பெற்ற ஐவரில் லாகூரைச் சேர்ந்த தயா ராம் கத்ரி குலத்தவர். பூரியிலிருந்து வந்த ஹிம்மத் ராய் தண்ணீர் சுமப்பவர். பீதரின் சாஹிப் சந்த் நாவிதர் என்கிறது சீக்கிய மரபு. அன்றோடு ஐவரும் சிங் ஆனார்கள். பிறகு அவர்கள் கையாலேயே குருவும் அமிர்தம் பெற்று, கோவிந்த ராய் என்ற பெயரை விட்டு கோவிந்த் சிங் ஆனார். ராஜபுத்திரர்கள் தங்கள் பெருமைக்கு வைத்துக்கொண்ட பட்டம் தண்ணீர் சுமந்தவருக்கும் கிடைத்தது. குலப்பெயரைக் கேட்டுச் சாதியை எடைபோடும் பழக்கத்துக்கு அது நேரடியான அடி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பின் சாதிப் பட்டத்தை வெட்டியெறிந்த தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாம் பட்டத்தை நீக்கினோம். அவர்கள் எல்லோருக்கும் ஒரே பட்டத்தைச் சூட்டினார்கள். கௌர் பெண்களிடையே பரவி நிலைபெறக் காலம் பிடித்தது. 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடைமுறை விதிகளில் இரண்டுமே உண்டு.

இனி, அழைக்கும் முறை. முழுப்பெயரைச் சொல்வது எப்போதும் பாதுகாப்பு: "குர்பிரீத் சிங் அவர்களே", "மன்ஜீத் கௌர் அவர்களே". பஞ்சாபியரிடம் நேரில் பேசும்போது முதல் பெயரோடு 'ஜி' போதும்: குர்பிரீத் ஜி. "மிஸ்டர் சிங்" என்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் அது எந்த சிங் என்று சொல்லாது. பெரிய தவறு வேறொன்று. குர்பிரீத் சிங்கின் மனைவிக்கு அழைப்பிதழில் "திருமதி சிங்" என்று எழுதுவது. அவர் மன்ஜீத் கௌர். திருமணத்தால் அது மாறவில்லை.

மூன்றாவதாக கில், சித்து, புல்லர் என்று ஒரு பெயர் வந்தால் அதுதான் குலப்பெயர். அவரே அதைப் பயன்படுத்தினால் நாமும் பயன்படுத்தலாம். விட்டுவிட்டவரிடம் "உங்கள் குலப்பெயர் என்ன?" என்று துருவுவது, நம் ஊரில் "நீங்கள் எந்த ஆட்கள்?" என்று கேட்பதற்குச் சமம்.

[திரையில்: விண்ணப்பப் படிவம், 'குடும்பப் பெயர்' கட்டம்]

படிவங்களுக்கு இது புரிவதில்லை. கணவன் சிங், மனைவி கௌர் என்றால் வேறு வேறு குடும்பம் என்று எடுத்துக்கொள்கின்றன. புது தில்லியிலுள்ள கனடா தூதரகம், சிங், கௌர் என்பவை மட்டும் குடும்பப் பெயராகப் போதாது, வேறு பெயர் சேர்த்து வாருங்கள் என்று குடியேற்ற விண்ணப்பதாரர்களுக்குக் கடிதம் அனுப்பிவந்தது. 2007 ஜூலையில் சீக்கியர்களின் எதிர்ப்பு வெடித்த பிறகே அதைக் கைவிட்டார்கள்.

வழக்கத்துக்கு விலக்குகளும் உண்டு. முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கின் மனைவி குர்சரண் கௌர். ஆனால் மகள்கள் உபிந்தர், தமன், அம்ரித் மூவரும் சிங் என்றே எழுதுகிறார்கள். சீக்கியர் அல்லாத சிங்குகளும் ஏராளம், வி.பி. சிங் உத்தரப் பிரதேச ராஜபுத்திரர். ஆகவே 'சிங்' என்ற சொல்லை மட்டும் வைத்து ஒருவரை "சர்தார்ஜி" என்று அழைத்துவிடாதீர்கள். அவர் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டாரோ, அந்தப் பெயரையே சொல்லுங்கள்.