காம்பு வலி: எல்லாம் பூஞ்சை இல்லை

வணக்கம். நான் தோல் மருத்துவர். பால் கொடுக்கும் தாய்மார்கள் என்னைத் தேடி வரும்போது பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருவார்கள். "டாக்டர், எனக்குக் காம்பில் பூஞ்சை. ரெண்டு தடவை மருந்து போட்டும் போகலை" என்பார்கள். ரெண்டு தடவை போட்டும் போகவில்லை என்றால், அது பூஞ்சைதானா என்ற சந்தேகம் எனக்கு முதலில் வரும். இன்றைய பேச்சு அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான்.

ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். குழந்தைக்கு இரண்டரை மாதம். ரெண்டு பக்கமும் காம்பும் அதைச் சுற்றியுள்ள கரு வளையமும் சிவந்து, நீர் கசிந்து, மேலே மெல்லிய பொருக்கு. முதல் வாரத்தில் காம்பு வெடித்திருக்கிறது. அதற்கு ஒரு களிம்பு. ஆறவில்லை என்று இன்னொன்று. பிறகு யாரோ பூஞ்சை என்று சொல்ல, பூஞ்சைக் களிம்பு. இதற்கு நடுவில், சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும் முன்னும் பின்னும் ஈரத் துடைப்பானால் துடைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை பால் கொடுக்கிறோம் என்றால், எத்தனை தடவை துடைத்திருப்பார், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "வலிக்கிறதா, அரிக்கிறதா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராத்திரி தூக்கத்தில் சொறிஞ்சுடறேன் டாக்டர்" என்றார். அரிப்புதான் எக்ஸிமா என்ற தோல் அழற்சியின் முதல் அடையாளம். சின்ன வயதில் முழங்கை மடிப்பில், முழங்கால் பின்பக்கத்தில் சொறி இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். அப்படிப்பட்ட தோல், தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் தோல்.

அடுத்து சிவப்பு எங்கே முடிகிறது என்று பார்த்தேன். களிம்பு எதுவரை தடவினாரோ அதுவரை சிவப்பு. அதைத் தாண்டி நல்ல தோல். ஆற்றுவதற்குப் போட்ட மருந்தும் துடைப்பானும்தான் புண்ணைக் காப்பாற்றி வைத்திருந்தன!

அப்புறம் குழந்தையின் வாய். பூஞ்சை என்றால் கன்னத்தின் உட்புறம், ஈறு என்று பல இடங்களில் வெள்ளைத் திட்டு இருக்கும். துடைத்தால் எளிதில் வராது, வந்தால் அடியில் சிவந்திருக்கும். இந்தக் குழந்தைக்கு நாக்கில் மட்டும் வெள்ளை, துணியால் தொட்டதும் போய்விட்டது. அது வெறும் பால் படிவு. அதைப் பார்த்துப் பயந்து மருந்து வாங்கியவர்கள் ஏராளம்.

பூஞ்சையே வராது என்று சொல்லவில்லை. வரும். அம்மா சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால், குழந்தையின் வாயில் அந்தத் திட்டுகளோ டயப்பர் படும் இடத்தில் சிவந்த தடிப்போ இருந்தால், பால் குடித்து முடித்த பின்னும் எரிச்சல் தங்கியிருந்தால், காம்பு பளபளவென்று சிவந்து உரிந்தால், சந்தேகப்படலாம். அப்போது அம்மாவுக்கும் குழந்தைக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும். ஒருவருக்கு மட்டும் தந்தால் மறுபடி மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் காம்பிலும் இந்தப் பூஞ்சை இருக்கலாம். அதனால் சோதனையில் தெரிந்தது என்பதற்காக வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவர்களுக்குள்ளேயே இதில் விவாதம் உண்டு.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன செய்தோம்? முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினோம். களிம்புகள், துடைப்பான், சோப்பு, எல்லாமே. வெறும் தண்ணீர் போதும். பிறகு மிதமான வீரியமுள்ள ஸ்டீராய்டு களிம்பு, தினமும் ரெண்டு வேளை. பால் கொடுத்து முடித்த உடனே மெல்லிசாகத் தடவ வேண்டும். அடுத்த தடவை கொடுக்கும் முன் மிச்சமிருந்தால் ஈரப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு என்றாலே பயம் வேண்டாம், அதே சமயம் மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் தொடரவும் வேண்டாம். பத்து நாளில் தோல் அடங்கியது. பால் கொடுப்பதை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

ஆனால் கதை முடியவில்லை. "அரிப்பு போயிடுச்சு டாக்டர், ஆனா வலது பக்கம் குழந்தை வாய் வெச்சதும் உயிர் போகுது" என்றார். குடித்து முடித்ததும் காம்பைப் பார்க்கச் சொன்னேன். குழந்தை விட்ட அந்த நொடியில், ஒரு பக்கம் சாய்வாகச் சீவிய மாதிரி நசுங்கியிருந்தது, புது லிப்ஸ்டிக் முனை போல. சுலபமான சோதனை. தயவுசெய்து பாருங்கள். காம்பு நசுங்கியோ, வெளுத்துக் கோடு விழுந்தோ வந்தால், குழந்தை வாய் வைக்கும் விதம் சரியில்லை.

எதற்காக நசுங்குகிறது? இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் நாக்கின் நுனியை மேல் அண்ணத்தில் வையுங்கள். கடினமாக இருக்கிறதா? அப்படியே பின்னால் கொண்டு போங்கள். ஒரு இடத்தில் மெத்தென்று ஆகும். குழந்தையின் வாயில் காம்பு போய்ச் சேர வேண்டிய இடம் அதற்குப் பக்கத்தில். அங்கே போனால் நசுக்க எதுவும் இல்லை. காம்பின் நுனியை மட்டும் பிடித்தால், நாக்குக்கும் கடின அண்ணத்துக்கும் நடுவே ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் உரசும். வாய் வைத்ததும் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் வலி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

அதனால் குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருங்கள். திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தைக்கு அல்ல. தாடை முதலில் படட்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். கரு வளையம் மேலே அதிகமும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். வலித்தால் வாயோரத்தில் சுத்தமான விரலை நுழைத்து உறிஞ்சலை விடுவித்து, மறுபடி வையுங்கள். இழுத்துப் பிடுங்க வேண்டாம். இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு தடவை வரச் சொன்னேன், அந்த அம்மாவுக்கு வலது பக்க வலியும் விட்டது. அவருக்கு இருந்தது ரெண்டு நோய்: நசுங்கியதால் வெடிப்பு, வெடிப்புக்குப் போட்ட மருந்தால் எக்ஸிமா. பூஞ்சை இல்லவே இல்லை.

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். ரெண்டு விஷயம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குடித்து முடித்ததும், அல்லது குளிர் பட்டதும், காம்பு வெளுத்து நீலமாகி மறுபடி சிவந்து, சுருக்கென்று எரிந்தால், அது ரத்தக்குழாய் சுருங்குவது. அதையும் பூஞ்சை என்று தப்பாகச் சொல்லிவிடுவார்கள். உடனே சூடாக ஏதாவது வைத்துப் பாருங்கள், அதோடு வாய் வைக்கும் விதத்தையும் கவனியுங்கள். இன்னொன்று முக்கியம்: ஒரு பக்கம் மட்டும், காம்பிலிருந்தே ஆரம்பித்து வளையத்துக்குப் பரவும் சிவப்பும் பொருக்கும், சரியாகச் சிகிச்சை செய்தும் மூன்று வாரத்தில் அடங்கவில்லை என்றால், இன்னொரு களிம்பு கேட்காதீர்கள். அரிதாக அது பேஜெட் நோய் என்ற ஒரு வகை மார்பகப் புற்றாக இருக்கலாம். தோலில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.