ஒரு வாக்கியம், ஒரு வேலை

நேயர்களுக்கு வணக்கமுங்க. நான் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போதும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸோடு சேர்ந்து வீடு வீடாகப் போகிறேன். மறதி நோய் வந்த பெரியவர்களோடு எப்படிப் பேசுவது என்று சொல்லச் சொன்னார்கள். பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

சித்தூர்த் தாலுக்காவில் ஒரு தோட்டத்து வீடு. பெரியவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. வாலிபத்தில் வண்டி மாடு பூட்டிப் பொள்ளாச்சி சந்தைக்குப் போய் வந்தவர். மருமகள் பகலில் பள்ளிக்கூட வேலைக்குப் போவதால், திருச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஹோம் நர்ஸ் பெண்ணை வைத்திருந்தார்கள். நல்ல பெண், கை சுத்தம், வாய் சுத்தம். ஆனால் மத்தியானமானால் அந்த வீட்டில் ஒரே ரகளை.

என்ன ஏது என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெண் பிரியமாகத்தான் கேட்கிறது: "அச்சா, கழிச்சோ?" மலையாளத்தில் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன கொழந்தையா, வேட்டியிலேயே போறதுக்கு?" நமக்குக் கழிச்சல் என்றால் வேறு அல்லவா! அது போகட்டும் என்று, "வா, குளிக்காம்" என்றது. குளிக்கலாம் வா என்று கூப்பிடுகிறது. இவர் காதில் 'குளிக்காம' என்று விழுகிறது. "குளிக்காமத்தான் இருக்கேன், உனக்கென்ன?" என்கிறார்.

இதில் சிரிப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த மனிதர் அறுபது வருஷமாக ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீசிலும் மலையாளம் பேசியவர். கழிச்சோ என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாததா? தெரிந்திருந்தது, நழுவிவிட்டது. மறதி நோயில் பலருக்குப் பின்னால் பழகிய மொழி முதலில் தளர்கிறது, அம்மா பேசிய மொழி கடைசி வரை கூட வருகிறது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் எல்லைப்பக்கத்து வீடுகளில் இதை முதலில் பார்க்கணும். நாங்கள் செய்தது சின்ன வேலை. சாப்பிடலாம், குளிக்கலாம், எந்திரிங்க, உட்காருங்க, வலிக்குதா என்று பத்துத் தமிழ்ச் சொல்லை மலையாள எழுத்தில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டினோம். மத்தியானச் சண்டை பாதி குறைந்தது.

மீதிப் பாதி மருமகளிடம் இருந்தது. அவர் தமிழில்தான் பேசுவார், ஆனால் இப்படி: "மாமா, தண்ணி ஆறிப் போயிரும், நேத்தும் குளிக்கல, சாயங்காலம் டாக்டர்கிட்டப் போகணும், எந்திரிச்சு வேட்டிய மாத்திட்டு வாங்க." எனக்கும் உங்களுக்கும் இது ஒரே மூச்சில் புரியும். அவருக்கு வாக்கியத்தின் வால் வருவதற்குள் தலை மறந்து போகும். கடைசியில் காதில் நிற்பது வேட்டி மட்டும். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

நான் செய்து காட்டினேன். எதிரே போய், அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தேன். முதலில் டிவியை அணைத்துவிட்டுத்தான். "மாமா." அவ்வளவுதான். அவர் என்னைப் பார்க்கும் வரை அடுத்த சொல் இல்லை. பார்த்தார். "தண்ணி சூடா இருக்கு." நிறுத்தினேன். மனசுக்குள் பத்து எண்ணினேன். பத்து எண்ணுவது எவ்வளவு நேரம் தெரியுமா? செய்து பாருங்கள், ஒரு யுகம் மாதிரி இருக்கும். நாம் மூன்றிலேயே வாயைத் திறந்துவிடுகிறோம். ஏழோ எட்டோ எண்ணும்போது "அப்படியா?" என்றார். "எந்திரிங்க." மறுபடி பத்து. எழுந்திருக்கவில்லை. அதே சொல், அதே குரலில்: "எந்திரிங்க." கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதே சொல் என்றேனே, அதைக் கவனியுங்கள். புரியவில்லை என்றதும் நாம் என்ன செய்கிறோம்? எந்திரிங்க, வாங்கன்னா, குளிக்க வேண்டாமா என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். அவர் முதல் வாக்கியத்தைப் பாதி செரித்துக்கொண்டிருக்கிறார், நாம் இன்னொன்றைத் தலையில் போட்டால் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். இரண்டு தடவை அதே சொல். அதற்கும் ஆகவில்லை என்றால் இன்னும் சின்னதாக்கி, கையால் காட்டுங்கள். அதற்கும் ஆகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து வாருங்கள். குளியல் எங்கேயும் ஓடிப் போகாது.

மெதுவாகப் பேசு என்பதையும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். "மா... மா... எந்... திரிங்..." என்று இழுத்தால் சொல்லே உருத் தெரியாது. சொல் சாதாரண வேகத்தில் இருக்கட்டும், இடைவெளியை வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் விடுங்கள். கத்துவதும் வேண்டாம். கத்தும்போது நம் முகம் கோபமாகிவிடும். சொல் புரியாதவருக்கும் முகம் புரியும். காது மந்தமா, உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சாயங்காலம் நாலு மணி ஆனால் பெரியவருக்கு ஒரே கேள்வி: "அம்மிணி, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" ஒரு மணி நேரத்தில் இருபது தடவை. மருமகள் நேர்மையானவர். "மாடெல்லாம் வித்து இருபது வருஷமாச்சு மாமா" என்பார். நேர்மைதான். ஆனால் பெரியவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் மாட்டை அன்றைக்குத்தான் விற்ற மாதிரி கண் கலங்கினார். செய்தி ஐந்து நிமிஷத்தில் மறந்துபோகும், கலக்கம் மட்டும் ராத்திரி வரை இருக்கும்.

அதற்காகத் தண்ணி காட்டியாச்சு என்று பொய் சொல்லணுமா? அந்த வீட்டில் மகன் அதற்கு ஒப்பவில்லை. எனக்கும் அது முதல் வழி இல்லை. நான் சொன்னது, "மாட்டைப் பத்திச் சொல்லுங்க மாமா. மயிலையா, செவலையா?" பெரியவர் நிமிர்ந்துவிட்டார். "மயிலை அம்மிணி. சோடி மயிலை." இருபது நிமிஷம் சந்தைக் கதை. அடுத்த நாள் அதே கேள்வி, அதே பதில், அதே மயிலை. மருமகளுக்கு அலுத்தது, அவருக்கு அலுக்கவே இல்லை.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். பார்க்க வருகிறவர்கள் பரீட்சை வைக்கிறார்கள். "நான் யாரு, சொல்லுங்க பாக்கலாம்? ஞாபகம் இருக்கா?" தோற்கப் போகிற பரீட்சை அது, அதுவும் நாலு பேர் முன்னால். வாசலில் நுழையும்போதே "தாத்தா, நான் பொள்ளாச்சிப் பேத்தி வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்டே ஆகணும் என்றால் கையில் இருக்கிறதைக் காட்டிக் கேளுங்கள். "காப்பியா, மோரா?" இரண்டே. என்ன வேணும் என்று கேட்டால் அதுவும் பரீட்சைதான்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். ராத்திரி எழுந்து நடப்பதைப் பற்றிச் சொல்ல வந்தேன், அதற்கு நேரமில்லை. ஆனால் இதை விட முடியாது. மறதி நோய் பெரும்பாலும் மெதுவாகத்தான் முற்றும். நேற்று வரை பேசியவர் ஓரிரு நாளில் சட்டென்று குழம்பினால், பகலெல்லாம் தூங்கினால், இல்லாததைக் கண்டு பயந்தால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மூத்திரத்தில் கிருமியோ, மலச்சிக்கலோ, தண்ணி போதாமையோ, புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அப்போது பேச்சை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாமல், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போகும்போது சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதிலிருந்து...

சரிங்க, விரல் ஒன்றாகிவிட்டது. எப்போதிலிருந்து குழப்பம் என்று தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருகிறேனுங்க, வணக்கம்.