பனங்கட்டி நிறுவனம் தன்னைப் பற்றி எழுதும்போது

அவைக்கு என் வணக்கம். சிறு நிறுவனமொன்று "எம்மைப் பற்றி" என்று எழுதும் அறிமுகம், மிகைப்படுத்தாமலே வாசிப்பவரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். பொதுப்படப் பேசுவதை விட, வலிகாமத்தில் பனங்கட்டி காய்ச்சி விற்கும் குடும்ப நிறுவனம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அதன் அறிமுகத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்கலாம் என நினைக்கிறேன். முதல் வரைவு அநேகமாக இப்படித்தான் வரும்: "மூன்று தலைமுறையாகத் தடையின்றி இயங்கிவரும் யாழின் முன்னணி நிறுவனமாகிய நாம், அரச அங்கீகாரத்துடன், எதுவும் சேர்க்காத இயற்கைப் பனங்கட்டியை, நீரிழிவு உள்ளோரும் உண்ணத்தக்கதாக, ஆண்டு முழுவதும் வழங்குகின்றோம்."

"முன்னணி" என்பதை முதலில் வெட்டிவிடலாம். எல்லோரும் முன்னணியில் நின்றால் பின்னால் நிற்பவர் யார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"தடையின்றி" என்ற சொல்தான் உண்மையில் ஆபத்தானது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்ததை அறியாத வாசகர் இங்கே இல்லை, அந்தச் சொல்லைக் கண்டதும், "அப்போது யார் அடுப்பெரித்தது?" என்று அவர் கேட்பார், அதன்பின் வரும் உண்மைகளையும் ஐயத்தோடுதான் வாசிப்பார். "எங்கள் பாட்டனார் பனை சீவியவர், 1995 இடப்பெயர்வோடு தொழில் நின்றது, 2017 இல் நாங்கள் மீண்டும் தொடங்கினோம்" என எழுதினால், வயது குறைந்தாலும் அந்த வயதை எவரும் மறுக்க முடியாது.

"எதுவும் சேர்க்காத" என்பது தொழில் தெரிந்தவர் சிரிக்கும் இடம். பாளையிலிருந்து வடியும் சாறு சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும் என்பதால், முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியே கருப்பநீர் இறக்கப்படுகிறது. ஆகவே சுண்ணாம்பு சேர்கிறது. அதை மறைப்பதற்குப் பதிலாக, "கருப்பநீர் புளிக்காதிருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுகிறோம், பின் தெளியவைத்து, வடித்துக் காய்ச்சுகிறோம், சீனி சேர்ப்பதில்லை" என எழுத வேண்டும். வாங்குபவருக்குள்ள அச்சம் சீனி பற்றியது. சுண்ணாம்பைத் தானாகவே சொன்னவர் சீனியைப் பற்றிச் சொல்வதை அவர் நம்புவார்.

"ஆண்டு முழுவதும்" என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருப்பநீரில் சர்க்கரை ஏறத்தாழ 12 வீதம் என்று கொண்டால், ஒரு கிலோ பனங்கட்டிக்குச் சுமார் 8 லீற்றர் தேவை. தொழிலாளர் சிலர் சேர்ந்து நாளொன்றுக்கு 80 லீற்றர் தந்தால், காய்ச்சி முடியக் கிடைப்பது 10 கிலோ. சீவும் பருவமோ ஆண்டு முழுவதும் நீள்வதில்லை. பருவம் முடிந்த பின்னும் வேண்டிய அளவு தருவதாக எழுதினால், ஒன்றில் களஞ்சியத்தில் இருப்பு இருக்க வேண்டும், அல்லது வேறிடத்தில் வாங்கியிருக்க வேண்டும். எது என்பதைச் சொல்லிவிடுவதே முறை. மாரிக் காற்றில் பனங்கட்டி ஈரம் வாங்கிப் பனையோலைக் குட்டானுக்குள் இளகும் என்பதையும் சேர்த்து எழுதலாம். இதைக் குறையாக எண்ணி நிறுவனத்தினர் ஒளிக்கின்றனர். எழுதியிருந்தால், இளகிய பொதியைப் பிரித்த வாடிக்கையாளர் ஏமாந்ததாக உணரமாட்டார்.

நீரிழிவு பற்றிய கூற்றில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது வெள்ளைச் சீனியிலும் உள்ள அதே சர்க்கரை. இந்த வரியை நம்பி ஒருவர் நாள்தோறும் உண்டால் பாதிக்கப்படுவது அவரது உடல். பொருள் பற்றித் தவறாக வழிநடத்தும் கூற்றுகளை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தடைசெய்கிறது.

இனி "அரச அங்கீகாரம்". விசாரித்தால் அது பெரும்பாலும் பிரதேச செயலகத்தில் பெற்ற வணிகப் பெயர்ப் பதிவாகவே இருக்கும். அப்பதிவு பெயருக்கும் உரிமையாளருக்கும் சான்றே தவிர, பண்டத்தின் தரத்துக்கு அல்ல. "வணிகப் பெயர் பதிவு செய்யப்பட்டது" என்று இலக்கத்தோடு எழுதினால் போதும். தரத்தைச் சோதித்த அறிக்கை கையில் இருந்தால், எதை, எந்த ஆண்டில் சோதித்தது என்பதோடு அதைத் தனியே குறிப்பிடலாம்.

இப்படித் திருத்திய அறிமுகம் முதல் வரைவை விடச் சற்று நீளமானது, ஆரவாரமும் அற்றது. அயல் கடைக்காரர் அச்சிடும் பெரிய சொற்களோடு பக்கத்தில் வைத்தால் முதற்பார்வையில் அது மங்கித் தெரியலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. அதன் அடியில் எழுதிய மாதத்தையும் ஆண்டையும் இடுங்கள். அடுத்த பருவத்தில் வேறு ஊர்க் கருப்பநீரையும் வாங்க நேர்ந்தால், புதிய பொதி கடைக்குப் போவதற்கு முன்பே அந்த வரி மாறியிருக்க வேண்டும்.