அம்புக்குறிகள் குறைந்தால் திட்டம் தெரியும்: ஒரே சிலைடில் செம்பனை மறுநடவு

வணக்கம் உறவுகளே. கெடாவின் பாடாங் செராயிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் எங்கள் சாலையில் குலை ஏற்றிப் போகும் லோரி. மன்னித்துக்கொள்ளுங்கள், இந்த நேரத்தில் அது நிற்காது.

போன காணொளியில், திட்டத்தின் மைல்கற்களையும் ஒன்றுக்கொன்று உள்ள சார்புகளையும் ஒரே சிலைடில் எப்படிக் காட்டுவது, வரைந்தால் சிலந்தி வலை போல ஆகிவிடுகிறதே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். எங்கள் வட்டாரச் சிறுதோட்டக்காரர்கள் கூட்டுறவுக் கழகத்துக்காக நான் செய்த சிலைடு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 70 ஏக்கரில் வயதான செம்பனைகளை வெட்டிவிட்டுப் புதிதாக நடும் திட்டம் அது. 2025 ஜூலையில் செய்தேன்.

முதலில் நான் செய்த வடிவத்தைத் திரையில் பாருங்கள். எக்ஸெலில் இருந்த 26 வேலைகளும் அப்படியே சிலைடுக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை, பட்டைகளுக்கு நடுவே முப்பதுக்கும் மேற்பட்ட அம்புகள். எதுவும் தவறில்லை, எல்லாம் உண்மையான தகவல். செயற்குழுவில் அதைக் காட்டியபோது, முன்பு தோட்டத்தில் மண்டோராக இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, கன்றுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும்?" அந்தச் சிலைடில் விடை இருந்தது. ஆனால் என்னாலேயே உடனே விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அன்று இரவே அதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

புதிதாகத் தொடங்கும்போது முதலில் பவர்பாயிண்டைத் திறக்கவில்லை. 26 வேலைகளின் பெயர்களையும் தாளில் எழுதி, எது மைல்கல், எது வெறும் வேலை என்று பிரித்தேன். இதற்கு நம் மொழியிலேயே நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. 'மரம் வெட்டுதல்', 'நிலம் தயாரித்தல்' என்று தொழிற்பெயராக நின்றால் அது வேலை, பல வாரம் நீளும். 'நிலம் தயாரானது' என்று இறந்தகாலத்தில் முடித்துச் சொல்ல முடிந்தால், அப்படி முடிந்ததை யாராவது போய்ப் பார்த்து 'ஆம், இல்லை' என்று சொல்ல முடிந்தால், அது மைல்கல். கூடவே இன்னொரு கேள்வியும் வேண்டும்: அந்த நாளில் குழு ஏதாவது முடிவெடுக்கிறதா? கன்றைச் சிறிய பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றும் நாள் முக்கியமானதுதான். ஆனால் அது நாற்றுப் பண்ணைக்காரரின் வேலை, குழு அதில் முடிவெடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அது போனது.

இப்படி வடிகட்டியதில் ஏழு நின்றன. உறுப்பினர் கூட்டம் ஒப்புதல் தந்தது, ஆகஸ்ட் கடைசி. கன்றுக்கு முன்பணம் கட்டியது, செப்டம்பர் நடு. மரம் சாய்க்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது, 2026 பிப்ரவரி. கடைசி அறுவடை முடிந்தது, மே கடைசி. நிலம் தயாரானது, செப்டம்பர் நடு. கன்று நடும் பக்குவத்துக்கு வந்தது, அக்டோபர் தொடக்கம். நடவு தொடங்கியது, அக்டோபர் நடு. மற்ற 19 வேலைகளும் எக்ஸெலில் பத்திரமாக இருக்கின்றன. களத்தில் நின்று வேலை வாங்குபவருக்கு அந்தத் தாள்தான் வேண்டும், இந்தச் சிலைடு அவருக்குப் போதாது.

அடுத்து அம்புகள். சிலைடு நெரிசலாவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என் பழைய அம்புகளில் பாதி சார்பே இல்லை, வெறும் வரிசை. ஒன்றுக்குப் பிறகு மற்றொன்றைச் செய்வது வழக்கம் என்பதற்காக அம்பு போட்டிருந்தேன். 'இது முடியாவிட்டால் அதைத் தொடங்கவே முடியாது' என்றால்தான் அது சார்பு. அப்படிப் பார்த்து வெறும் வரிசைகளை நீக்கிய பிறகும் ஏழு மைல்கற்களுக்கு நடுவே ஆறு சார்புகள் மிஞ்சின. அதையும் அப்படியே வரையவில்லை. ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: முன்னது ஒரு மாதம் தாமதமானால், கடைசியில் இருக்கும் நடவுத் தேதி நகருமா?

மரம் சாய்க்கும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அது இல்லாமல் ஜூனில் மரம் சாய்க்க முடியாது, எனவே உண்மையான சார்புதான். ஆனால் கையெழுத்து பிப்ரவரியில். இயந்திரங்கள் வந்து சேர ஒரு மாதம் போதும். மார்ச்சில் கையெழுத்திட்டாலும் நடவு நகராது. அந்த அம்பு சிலைடில் வேண்டாம். நிலம் தயாராவதும் அப்படித்தான். நடவுக்கு ஒரு மாதம் முன்பே முடிகிறது, இடையில் அந்த ஒரு மாதத் தளர்வு இருக்கிறது. அதோடு நிலம், நடவு இரண்டும் சிலைடில் ஒரே கிடைவரிசையில், அதாவது ஒரே தடத்தில், அடுத்தடுத்து இருப்பதால் எது முன், எது பின் என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

கன்றின் கதை வேறு. முளைவிட்ட விதை பண்ணைக்கு வந்து சேரவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பிறகு சிறிய பையில் ஏறத்தாழ மூன்று மாதம், பெரிய பையில் ஒன்பது மாதம், ஆக ஓராண்டு. கடைக்குப் போய் வாங்கி வந்துவிடக்கூடிய பொருள் அல்ல. ஒன்பது மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 58 கன்று, 70 ஏக்கருக்கு நாலாயிரத்துக்கு மேல். முன்பணம் ஒரு மாதம் பிந்தினால் நடவும் ஒரு மாதம் பிந்தும், எங்குமே தளர்வு கிடையாது. முன்பணம் கட்ட உறுப்பினர் ஒப்புதல் வேண்டும். ஆக வரைய வேண்டிய சங்கிலி இதுதான்: ஒப்புதல், முன்பணம், பக்குவமான கன்று, நடவு.

இந்தச் சங்கிலியில் அம்பு இரண்டே இரண்டு. ஒப்புதலிலிருந்து முன்பணத்துக்கு ஒன்று, கன்றிலிருந்து நடவுக்கு ஒன்று. நடுவில் இருக்கும் ஓராண்டுக் காத்திருப்பை அம்பாகக் காட்டவில்லை. ஒரே தடத்தில் தடித்த கோடாக இழுத்து, அதன் மேல் 'கன்று வளர ஓராண்டு' என்று எழுதினேன். சிலைடிலேயே நீளமான கோடு அதுதான். பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

சரி, இப்போது வரைவோம். தடங்கள் மூன்று: மேலே அனுமதி, நடுவில் கன்றும் அதன் முன்பணமும், கீழே நிலமும் நடவும். இந்த வரிசையை ஏனோதானோவென்று வைக்கவில்லை. அம்பு போகும் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். நிலத்தை நடுவில் வைத்திருந்தால் ஒப்புதலிலிருந்து முன்பணத்துக்குப் போகும் அம்பு நிலத்தின் தடத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் கோட்டை வளைத்து நெளித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், முதலில் தடங்களை இடம் மாற்றிப் பாருங்கள்.

அகலச் சிலைடு 33.87 சென்டிமீட்டர். இடப்பக்கம் தடங்களின் பெயருக்கு 5 சென்டிமீட்டர் விட்டேன். 2025 ஜூலை முதல் 2026 டிசம்பர் வரை 18 மாதம், மாதத்துக்கு 1.5 சென்டிமீட்டர், ஆக 27. வலப்பக்கம் கொஞ்சம் இடம் மிச்சம். ஆகஸ்ட் கடைசி என்றால் தொடக்கத்திலிருந்து இரண்டு மாதம், எனவே 5 உடன் 3 சேர்த்து 8 சென்டிமீட்டரில் அந்த மைல்கல்லைக் காட்டும் வைரக் குறி வர வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பவர்பாயிண்டில் `Horizontal position` என்பது வடிவத்தின் இட ஓரத்தைக் குறிக்கும், நடுவை அல்ல. என் வைரம் 0.6 சென்டிமீட்டர் அகலம், எனவே 0.3 கழித்து 7.7 என்று தட்டச்சு செய்கிறேன்.

வரிசை அழகாக இருக்கட்டும் என்று எல்லா வைரங்களையும் தேர்ந்தெடுத்து `Distribute Horizontally` அழுத்திவிடாதீர்கள். இடைவெளி எல்லாம் சமமாகிவிடும், காலம் பொய்யாகிவிடும். இரண்டு வாரமும் பன்னிரண்டு மாதமும் ஒரே நீளத்தில் தெரியும். எங்கள் திட்டத்தில் மறைக்கவே கூடாத செய்தி அந்த ஓராண்டுதான்.

ஆனால் உண்மையான அளவில் வைத்தால் வலப்பக்கம் நெருங்கும். நிலம் தயாராவதற்கும் நடவுக்கும் நடுவே 1.5 சென்டிமீட்டர்தான், இரண்டு பெயர்களும் மோதிக்கொள்கின்றன. எழுத்தைச் சிறிதாக்கவில்லை, ஏனென்றால் எங்கள் மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவர்களும் படிக்க வேண்டும். 'நிலம் தயார்' என்பதை வைரத்துக்கு இடப்புறமும், 'நடவு' என்பதை வலப்புறமும் வைத்தேன். மேல்பக்கம் அம்பு இறங்குவதற்குக் காலியாக இருக்கிறது.

அம்புக்கு `Connector: Elbow Arrow` எடுத்து, நுனியை வைரத்தின் விளிம்பில் தெரியும் புள்ளியில் கொண்டுபோய் விடுங்கள். ஒட்டியதா என்று தெரிந்துகொள்ள வைரத்தை லேசாக நகர்த்துங்கள். அம்பும் கூடவே வந்தால் ஒட்டிவிட்டது. வராவிட்டால் நாளைக்குத் தேதி மாறும்போது அம்பு வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இதன் பலனை அடுத்த செயற்குழுவில் பார்த்தேன். உறுப்பினர் கூட்டத்தைத் தீபாவளி கழித்து, அக்டோபர் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைத்திருந்தார்கள். நான் வாதாடவில்லை. எல்லார் முன்னாலும் ஒப்புதல் வைரத்தை மூன்று சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளினேன். அம்பு இழுபட்டது. பிறகு முன்பணம், தடித்த கோடு, கன்று, நடவு நான்கையும் அதே மூன்று சென்டிமீட்டர் தள்ளினேன். நடவு டிசம்பர் நடுவில் போய் நின்றது. கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சி எப்படி இருக்கும் என்று அந்த அறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேர் பிடிக்காத கன்று அந்த வெயிலைத் தாங்காது. மழைக்காகக் காத்திருந்து ஏப்ரலில் நட்டால், பையிலேயே நெட்டையாக வளர்ந்த கன்றைத்தான் நட வேண்டியிருக்கும்.

மண்டோர் ஐயா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், முன்பணத்தின் மேல் விரலை வைத்து, "அப்படியானால் கூட்டத்தை ஆகஸ்டிலேயே வைத்துவிடுவோம்" என்றார். அழைப்புக் கடிதம் அந்த வாரமே போனது.